ரிமோட் தொலைந்துவிட்டதா? வைஃபை விட்டுப்போன டிவியையும் போனால் இயக்கலாம்

ரிமோட் தொலைந்தால் "போனில் ஓர் ஆப் போட்டால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். டிவி எந்த வைஃபையிலும் இல்லையென்றால் ஆப் எவ்வளவு தேடினாலும் டிவியைக் காட்டாது. டிவியை வைஃபையில் சேர்க்க ரிமோட் வேண்டும், ரிமோட்டுக்குப் பதிலாகப் போன் வேலை செய்ய டிவி வைஃபையில் இருக்க வேண்டும். இங்கே ரங்கூனில் வீடு மாறும்போதும், இணையக் கம்பெனியை மாற்றும்போதும் பலர் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கே. அதற்கு முன் எளிதான வழிகளைப் பார்த்துவிடுவோம்.

முதலில் போனின் தலையைப் பாருங்கள்

போன் ரிமோட்டாக வேலை செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பழைய ரிமோட்டுகள் பெரும்பாலும் இதில்தான் ஓடின. இன்னொன்று வைஃபை. ஐஆர் வழியில் நெட்வொர்க், ஆப்-டிவி இணைப்பு, எண் எதுவும் தேவையில்லை. டிவிக்கு நேராகப் போனைக் காட்டினால் போதும். அதனால் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

போனின் மேல்விளிம்பைப் பாருங்கள். மைக் துளைக்குப் பக்கத்தில் கறுப்பாக, பளபளப்பாக ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஐஆர் விளக்கு. நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போன்களில் பெரும்பாலும் இது இருக்கும். விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது. ஐபோனில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாம்சங் தன் கேலக்சி எஸ் வரிசையில் 2015-இல் வந்த எஸ்6-க்குப் பிறகு இதைக் கைவிட்டது. உங்கள் போனில் இல்லையென்றால் வீட்டில் அலமாரியில் கிடக்கும் பழைய ரெட்மியை எடுத்துப் பாருங்கள். சிம் இல்லாவிட்டாலும், திரை கீறியிருந்தாலும் ஐஆர் வேலை செய்யும்.

ஷாவ்மி போனில் Mi Remote என்ற ஆப் ஏற்கெனவே இருக்கும், அல்லது ப்ளே ஸ்டோரில் கிடைக்கும். திறந்து கூட்டல் குறியைத் தொட்டு TV என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிராண்டுகளின் பட்டியல் வரும். உங்கள் டிவியின் பெயரைத் தொட்டதும் டிவி இப்போது ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அதை வைத்துத்தான் எந்தப் பொத்தானைச் சோதிப்பது என்று ஆப் முடிவு செய்கிறது. பிறகு திரையில் ஒரு பொத்தானைக் காட்டி, அழுத்தியதும் டிவி அசைந்ததா என்று கேட்கும். அசையவில்லை என்றால் அடுத்த குறியீட்டை முயலும். ஒரே கம்பெனி பல ஆண்டுகளில் பல குறியீடுகளைப் பயன்படுத்தியிருப்பதால்தான் இந்த வரிசை. முதல் இரண்டு மூன்று குறியீடுகளிலேயே விட்டுவிடாமல் பட்டியல் முடியும்வரை போங்கள். டிவி அணைந்துவிட்டதாலேயே சரியான குறியீடு என்று முடிவு செய்யவும் வேண்டாம். ஆன்-ஆஃப் மட்டும் பொருந்தி, மெனுவும் அம்புக்குறிகளும் பொருந்தாத குறியீடுகள் உண்டு. ஒலி, மெனு, அம்பு மூன்றும் வேலை செய்த பிறகு சேமியுங்கள்.

எதற்கும் டிவி அசையவில்லை என்றால் போனின் விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதன் முன்னால் ரெட்மியின் மேல்விளிம்பைக் காட்டி, ஆப்பில் பொத்தானை அழுத்துங்கள். கேமரா திரையில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கல் தெரிந்தால் விளக்கு நன்றாக இருக்கிறது. பின்பக்கக் கேமராவில் பார்க்க வேண்டாம். அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருப்பதால் நல்ல விளக்கும் இருட்டாகவே தெரியலாம்.

விளக்கு எரிந்தும் டிவி கேட்கவில்லை என்றால், அந்த டிவியின் சொந்த ரிமோட் புளூடூத் வகையாக இருக்கலாம். சில ஆண்ட்ராய்டு டிவிகளில் ஆன்-ஆஃப் மட்டும் ஐஆரில் போகும், மற்ற பொத்தான்கள் எல்லாம் புளூடூத்தில் போகும். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் குத்தும் குரோம்காஸ்ட், ஃபயர் டிவி குச்சிகளில் ஐஆர் வாங்கும் கண்ணே கிடையாது. அவற்றுக்கு வைஃபை வழிதான்.

டிஷ் பெட்டிகள் இதற்கு நேர்மாறு. பழைய செட்டாப் பெட்டிகளுக்கு ஐஆர் தவிர வேறு வழியே இல்லை. ஐஆர் இல்லாத போனை வைத்துக்கொண்டு ஆப் மேல் ஆப்பாக இறக்குவது வீண். "எல்லா டிவிக்கும் ரிமோட்" என்று விளம்பரம் நிறைந்த ஆப்கள் எத்தனையோ உண்டு. போனில் விளக்கு இல்லையென்றால் ஐஆர் பெட்டியிடம் அவற்றால் ஒரு பொத்தானைக்கூட அனுப்ப முடியாது.

வைஃபை வழி: எல்லாம் சரியாக இருக்கும்போது

டிவி வைஃபையில் ஏற்கெனவே இருக்கிறதென்றால் வேலை சுருக்கம். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் போனில் Google TV ஆப்பை நிறுவுங்கள். டிவி எந்த வைஃபையில் இருக்கிறதோ அதே வைஃபையில் போனையும் சேருங்கள். ஆப்பில் ரிமோட் படத்தைத் தொட்டால் அருகில் உள்ள டிவிகளைத் தேடும். உங்கள் டிவியைத் தொட்டதும் டிவி திரையில் ஒரு குறியீடு தோன்றும். அதைப் போனில் தட்டி Pair கொடுத்தால் முடிந்தது. அம்புக்குறி, பின்செல்லும் பொத்தான், ஒலி, விசைப்பலகை எல்லாம் போனில் வந்துவிடும்.

சாம்சங் டிவிக்கு SmartThings, எல்ஜிக்கு LG ThinQ, ஃபயர் டிவிக்கு Fire TV, ஹைசென்சின் விடா வகைக்கு VIDAA ஆப். ஆப் மட்டும் வேறு, முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

சாம்சங்கில் மட்டும் ஒரு சிக்கல். புதிதாக ஒரு போன் இணைய வரும்போது சில மாடல்கள் டிவி திரையில் "Allow" என்று அனுமதி கேட்கும். அதை அழுத்த ரிமோட் இருக்காது. அப்போது டிவியின் உடலிலேயே இருக்கும் பொத்தானைத் தேடுங்கள். கீழ்விளிம்பின் நடுவில், பிராண்டு பெயருக்கு அடியில், அல்லது பின்பக்கம் வலது மூலையில் விரலால் தடவினால் ஒரு சிறு குமிழ் தட்டுப்படும். சிலவற்றில் அது நான்கு பக்கமும் அசையும். சிலவற்றில் ஒரே பொத்தான்தான் இருக்கும். மெதுவாக ஒருமுறை தட்டினால் அடுத்த இடத்துக்கு நகரும், அழுத்திப் பிடித்தால் தேர்வு ஆகும். பொறுமையாக நகர்த்தி Allow-வில் நிறுத்தி அழுத்துங்கள்.

டிவி எந்த வைஃபையிலும் இல்லையென்றால்

எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் தாம்வேயில் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஏற்பட்டதைச் சொல்கிறேன். சாமான் ஏற்றி இறக்கியதில் ரிமோட் எங்கோ போய்விட்டது. டிவி 43 அங்குல ஆண்ட்ராய்டு டிவி. புது வீட்டில் புது ரவுட்டர், புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. டிவியோ பழைய வீட்டு வைஃபையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டில் இருந்த போன்கள் எதிலும் ஐஆர் இல்லை.

"தம்பி, ஆப்புல டிவியே காட்டல. டிவி கெட்டுப்போச்சா?"

"கெடலக்கா. டிவி இன்னும் பழைய வீட்டு வைஃபையைத் தேடுது. அதுக்கு அதையே கொடுத்துடுவோம்."

இதற்கு வழிகள் மூன்று. எளிதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

*லேன் கேபிள்.* டிவியின் பின்புறத்தில் லேன் துளை இருந்தால் ரவுட்டருக்கும் டிவிக்கும் இடையே ஒரு கேபிளைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு டிவிகள் பெரும்பாலும் எதையும் கேட்காமல் கேபிள் வழியாக நெட்வொர்க்கில் சேர்ந்துவிடும். போன் அதே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால் போதும். ஒன்று கேபிளில், ஒன்று காற்றில் என்றாலும் நெட்வொர்க் ஒன்றுதான். ஆப்பைத் திறந்தால் டிவி தெரியும். ரங்கூன் அடுக்குமாடி வீடுகள் நீளமாக, குறுகலாக இருப்பதால் ரவுட்டர் ஒரு கோடியிலும் டிவி இன்னொரு கோடியிலும் இருக்கலாம். ஃபைபர் கம்பி எட்டுமென்றால் ரவுட்டரைத் தற்காலிகமாக டிவி பக்கம் கொண்டுபோகலாம். ஆனால் அந்த மெல்லிய ஃபைபர் கம்பியை மடக்கவோ இழுக்கவோ கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அது எட்டாது என்றால் நீளமான லேன் கேபிளைப் பக்கத்துக் கடையில் வாங்குவதே நல்லது.

*யுஎஸ்பி மவுஸ்.* கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகுங்கள். வயர் இல்லாத மவுஸ் என்றால் அதன் குட்டி ரிசீவரைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு டிவியிலும் எல்ஜியின் வெப்ஓஎஸ் டிவியிலும் சில நொடிகளில் திரையில் ஓர் அம்பு தோன்றும். முகப்பில் மேலே வலது மூலையில் உள்ள பற்சக்கரப் படத்தை அழுத்தி Settings உள்ளே போய், நெட்வொர்க் பகுதியில் புது வைஃபையைத் தேர்ந்தெடுத்து, திரையில் வரும் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாக அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் வலது பொத்தான் பெரும்பாலும் பின்செல்லும். யுஎஸ்பி கீபோர்டு இருந்தால் இன்னும் சௌகரியம். அம்பு விசைகள், Enter, பின்செல்ல Esc என்று மூன்றே போதும். சில டிவிகளில், குறிப்பாக சாம்சங்கின் சில மாடல்களில், மவுஸ் உள்ளே இருக்கும் பிரவுசரில் மட்டும் வேலை செய்யும், மெனுவில் செய்யாது. அப்படியென்றால் மவுஸைக் கழற்றிவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

அக்காவின் டிவி சுவரில் பொருத்தியிருந்தது. லேன் துளைக்கும் யுஎஸ்பி துளைக்கும் கை போகவில்லை. அதனால் மூன்றாவது வழி.

*பழைய வைஃபையை மறுபடி உண்டாக்குவது.* டிவி ஒரு வைஃபையை அடையாளம் காண்பது அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் பாதுகாப்பு வகையையும் வைத்துத்தான். பழைய ரவுட்டரேதானா என்று அது பார்ப்பதில்லை. எனவே ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் வைத்தால் டிவி தானாக அதில் வந்து சேரும்.

இதற்கு இரண்டு போன்கள் தேவை. ஒன்று ஹாட்ஸ்பாட் கொடுக்க, இன்னொன்று ரிமோட்டாக இருக்க. ஒரே போனில் இரண்டையும் செய்யப் பார்க்க வேண்டாம். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போன் தானே ஒரு வைஃபையில் சேர்ந்திருப்பதாகப் பெரும்பாலான ரிமோட் ஆப்கள் ஏற்றுக்கொள்வதில்லை. "வைஃபையில் சேருங்கள்" என்று சொல்லி நின்றுவிடும்.

முதல் வேலை, பழைய பெயரும் பாஸ்வேர்டும் எழுத்து பிசகாமல் கிடைக்க வேண்டும். பழைய வீட்டில் அந்த வைஃபையைப் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு போன் ஏதாவது இருக்கும். அதில் வைஃபை அமைப்புக்குள் சேமித்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறந்து, பழைய பெயரைத் தொட்டு, Share கொடுங்கள். கைரேகை அல்லது பின் எண் கேட்கும். பிறகு க்யூஆர் படம் வரும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிந்தைய பல போன்களில் படத்துக்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தாக இருக்கும். சில போன்களில் படம் மட்டும் இருக்கும். அப்போது இன்னொரு போனில் ஏதாவது க்யூஆர் ஸ்கேனரால் அதைப் படித்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
WIFI:T:WPA;S:Home_2F;P:abcd1234;;
```

S: என்பதற்குப் பின்னால் வருவது பெயர், P: என்பதற்குப் பின்னால் வருவது பாஸ்வேர்டு. போனுக்குப் போன் வரிசை மாறியிருக்கலாம், எழுத்துகளின் பொருள் அதேதான். மேலே இருப்பது நான் எழுதிக் காட்டிய மாதிரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி, அடிக்கோடு எல்லாம் முக்கியம். Home_2F வேறு, home_2f வேறு.

இப்போது ஹாட்ஸ்பாட் போனில் ஹாட்ஸ்பாட் அமைப்பைத் திறந்து அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே தட்டுங்கள். பாதுகாப்பு வகையில் WPA2 வையுங்கள், WPA3 வேண்டாம். பழைய டிவிகளுக்கு அது புரியாது. அலைவரிசையில் 2.4 GHz தேர்ந்தெடுங்கள். 5 GHz வைத்தால் பல டிவிகளின் கண்ணுக்கே அந்த ஹாட்ஸ்பாட் தெரியாது. ஐபோனில் ஹாட்ஸ்பாட்டின் பெயர் போனின் பெயர்தான், அதனால் Settings உள்ளே General, About போய் போனின் பெயரையே மாற்ற வேண்டும். அலைவரிசைக்கு Maximize Compatibility என்பதை இயக்க வேண்டும்.

இன்னொன்று, ஹாட்ஸ்பாட் போட்டதும் டிவி இணையத்தை இழுக்க ஆரம்பிக்கும். முகப்புப் படங்கள், அப்டேட் என்று டேட்டா கரையும். இந்த வேலைக்கு இணையமே தேவையில்லை, டிவியும் இரண்டாவது போனும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும். அதனால் ஆப்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, ஹாட்ஸ்பாட் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலலாம். டேட்டா இல்லாமல் ஹாட்ஸ்பாட் கிளம்பாத போன் என்றால் டேட்டாவை விட்டுவையுங்கள், வேலையைச் சுருக்கமாக முடியுங்கள்.

ஹாட்ஸ்பாட் போனை டிவிக்கு அருகில் வைத்து டிவியை ஆன் செய்யுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் திரையில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ஒன்று சேர வேண்டும். இதுதான் உங்களுக்கு அடையாளம். டிவி திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்தப் பட்டியலைப் பாருங்கள். சேரவில்லை என்றால் டிவியின் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். தூக்க நிலையிலிருந்து எழுவதைவிட முழுதாக அணைந்து கிளம்பும்போது டிவி வைஃபையைப் புதிதாகத் தேடும். அப்போதும் சேரவில்லையென்றால் பெயரையோ பாஸ்வேர்டையோ ஓர் எழுத்து தவறாகத் தட்டியிருக்கிறீர்கள் என்பதே பெரும்பாலும் காரணம். அக்காவின் போனில் பாஸ்வேர்டின் கடைசியில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தது. நகலெடுத்து ஒட்டும்போது இப்படி ஆகும். அதை அழித்ததும் டிவி வந்து சேர்ந்துவிட்டது.

இனி இரண்டாவது போனை அதே ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். பழைய வீட்டு வைஃபை அதில் சேமித்திருந்தால் தானாகவே சேர்ந்துவிடும். "இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?" என்று கேட்டால் தொடரச் சொல்லுங்கள். அந்தப் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் போன் நைசாக டேட்டா பக்கம் போய்விடும். Google TV ஆப்பைத் திறந்து ரிமோட்டைத் தொட்டால் டிவி தெரியும். குறியீட்டைத் தட்டுங்கள். கையில் ரிமோட் வந்துவிட்டது.

புது வைஃபைக்கு மாற்றும் அந்த நிமிடம்

இங்கேதான் பலர் பதறிப்போகிறார்கள். போன் ரிமோட்டால் டிவியின் Settings உள்ளே போய்ப் புது வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைப் போனின் விசைப்பலகையில் தட்டி, சரி கொடுக்கிறீர்கள். அந்த நொடியே போனில் ரிமோட் செத்துவிடும். ஒன்றும் கெடவில்லை. டிவி புது வைஃபைக்குப் போய்விட்டது, உங்கள் போன் இன்னும் ஹாட்ஸ்பாட்டில் நிற்கிறது. வெவ்வேறு நெட்வொர்க்கில் இருப்பதால் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள், இரண்டாவது போனைப் புது வீட்டு வைஃபைக்கு மாற்றுங்கள், ஆப்பை மூடித் திறங்கள். டிவி மறுபடி தெரியும். ஏற்கெனவே இணைந்த போன் என்பதால் பெரும்பாலும் குறியீடு கேட்காது.

புது வைஃபையின் பாஸ்வேர்டைத் தவறாகத் தட்டியிருந்தால் டிவி எங்கும் சேராமல் நிற்கும். கவலைப்பட வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை மறுபடி போடுங்கள், டிவி பழைய பெயரைக் கண்டு திரும்பி வரும். அதனால் டிவி புது வைஃபையில் சேர்ந்ததை ஆப்பில் உறுதிசெய்யும்வரை ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றாதீர்கள். பழைய வைஃபையை டிவியிலிருந்து "Forget" செய்யவும் கூடாது.

இந்த இரண்டு போன் வேலையைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. புது ரவுட்டரின் வைஃபைக்கே பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துவிடலாம். டிவி மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தானாகச் சேர்ந்துவிடும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்நுழையும் முகவரியும் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அந்தத் தாளில் இருப்பது வேலை செய்யவில்லை என்றால் இணையக் கம்பெனி அதை மாற்றிப் பூட்டி வைத்திருக்கலாம். அவர்களைக் கூப்பிட்டுப் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் வீடு மாறும்போது முதலிலேயே இதைச் செய்துவிடுவதுதான் நல்லது.

எல்லாம் சரி, ஆனாலும் டிவி தெரியவில்லை

டிவியும் போனும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, ஆப் மட்டும் டிவியைக் காட்டவில்லை. இங்கே முதல் சந்தேகம் விபிஎன் மேல்தான் வர வேண்டும். பர்மாவில் 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டதிலிருந்து பலருடைய போனில் விபிஎன் இரவு பகலாக ஓடுகிறது, அது ஓடுவதையே மறந்திருப்பார்கள். விபிஎன் போனின் பேச்சையெல்லாம் வெளியே எங்கோ ஓர் இயந்திரத்துக்கு அனுப்புவதால் நான்கடி தூரத்தில் உள்ள டிவியை ஆப்பால் கேட்க முடியாமல் போகிறது. திரையின் மேலே சாவிப் படம் இருந்தால் விபிஎன் ஓடுகிறது. ரிமோட்டைத் தேடி இணைக்கும் நேரத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். சில விபிஎன் ஆப்களில் உள்ளூர் நெட்வொர்க்கை விட்டுவைக்கும் தேர்வு இருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆப்களை விலக்கும் தேர்வு இருக்கும். அங்கே ரிமோட் ஆப்பை விலக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டாம். ஐபோனில் இன்னொன்றும் பாருங்கள்: Settings உள்ளே Privacy & Security, அதில் Local Network என்ற பட்டியலில் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் விருந்தினர் வைஃபை. ரவுட்டர் இரண்டு பெயர்கள் கொடுத்தால், ஒன்று விருந்தினருக்கானது என்றால், அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுக்கும். டிவியையும் போனையும் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். பெயரில் 5G என்று முடியும் ஒன்றும் சாதாரணம் ஒன்றும் இருந்தால் அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகள் அவை, நெட்வொர்க் ஒன்றுதான்.

கரண்ட் போய் வந்த பிறகு

போன் ரிமோட்டின் பெரிய பலவீனம் இங்கே தினமும் தெரியும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் முழுதாகக் கிளம்ப இரண்டு நிமிடமாவது ஆகும். டிவியோ சிவப்பு விளக்கோடு தூங்கும் நிலையில் நிற்கும், அல்லது மாடலைப் பொறுத்துத் தானே கிளம்பும். தூங்கும் டிவியை வைஃபை வழியாக எழுப்ப அதன் வைஃபைப் பகுதி விழித்திருக்க வேண்டும். கரண்ட் வெட்டியபின் பல டிவிகளில் அது விழித்திருக்காது. ஆப்பில் ஆன் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. டிவியின் உடலில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தி எழுப்புங்கள், பிறகு ஒரு நிமிடம் விட்டு ஆப்பைத் திறங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவைப்பது அவசியம். கை எட்டாதபடி சுவரில் பொருத்தியிருந்தால் ஐஆர் உள்ள பழைய போன் ஒன்றை ஆன் செய்ய மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம்.

டிவியின் அமைப்புகளில் நெட்வொர்க் வழியாக எழுப்பும் தேர்வு ஒன்று இருக்கும். அதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெட்வொர்க் அல்லது பவர் பகுதியில் "Wake on" அல்லது "Networked standby" போன்ற சொல்லைத் தேடி இயக்குங்கள். சாம்சங்கில் "Power On with Mobile" என்று இருக்கும். இது கரண்ட் இருக்கும்போது டிவியைப் போனிலிருந்து எழுப்ப உதவும். கரண்ட் வெட்டுக்குப் பிறகு எழுப்புமா என்பது மாடலைப் பொறுத்தது, ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்வெர்ட்டரில் டிவி ஓடுகிற வீடுகளில் ரவுட்டரையும் அதே இணைப்பில் போடுங்கள். டிவிக்கு மின்சாரம் இருந்து ரவுட்டருக்கு இல்லையென்றால் ரிமோட் இல்லாத டிவியாகிவிடும். வெளி இணையம் அறுந்திருந்தாலும் பரவாயில்லை. ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை ஏற்கெனவே இணைத்த போனும் டிவியும் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும். யுஎஸ்பியில் உள்ள படத்தையோ டிஷ் சேனலையோ மாற்ற அது போதும்.

எந்தப் போனில் வைப்பது

ரிமோட்டாக மாற்றியது வேலைக்குப் போகிறவரின் போன் என்றால், அவர் வெளியே போன பிறகு வீட்டில் பாட்டிக்கு டிவி இல்லை. அதனால் டிவி சரியான வைஃபையில் சேர்ந்த அன்றே குறைந்தது இரண்டு போன்களை இணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவி ஒன்றுக்கு மேற்பட்ட போன்களை ஏற்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை குறியீடு தட்டினால் போதும்.

அக்கா வீட்டில் சிம் இல்லாத ஒரு பழைய போனையே நிரந்தர ரிமோட்டாக ஆக்கினோம். அதில் தேவையில்லாத ஆப்களை எடுத்துவிட்டு, விபிஎன் இல்லாமல், வீட்டு வைஃபை மட்டும் சேமித்து, திரையில் ரிமோட் ஆப் ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தோம். பூட்டுக் குறியீட்டை எடுத்துவிட்டோம், வீட்டை விட்டுப் போகாத போன், அதில் வேறு ஒன்றும் இல்லை. திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக வைத்தோம். போன் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆப்பை அணைத்துவிடாமல் இருக்க, ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்று தேர்ந்தெடுத்தோம். ரெட்மி போன்களில் இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஆப் புதிதாக டிவியைத் தேட ஆரம்பிக்கும், அந்தப் பத்து விநாடியில் பெரியவர்கள் பொறுமையிழந்து வேறு எதையாவது அழுத்திவிடுவார்கள்.

அதே டிவி மாடலுக்கான மாற்று ரிமோட் மகாபந்துலா சாலைப் பக்கத்துக் கடைகளில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது டிவியின் பின்புறத் தாளில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், பிராண்டு பெயர் மட்டும் போதாது. புளூடூத் ரிமோட் என்றால் வாங்கிய பிறகு டிவியோடு இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு டிவியின் Settings உள்ளே ரிமோட்டுகள், துணைக்கருவிகள் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே போக அந்தப் போன் ரிமோட்டே உதவும், அதனால் புது ரிமோட் வந்துவிட்டது என்று போனிலிருந்து ஆப்பை அழித்துவிடாதீர்கள்.